புது நாட்டில் புதுப் புட்டி: குழந்தையின் காய்ச்சல் சிரப்பை வேறு செறிவுக்கு மாற்றிக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சிரப் தீர்ந்துவிட்டது. இரவு பதினொரு மணி. குழந்தைக்கு உடல் கொதிக்கிறது. அவசரமாக வாங்கி வந்த புதுப் புட்டியில் பெயரும் நிறமும் வேறு. கூடவே வந்த அளவு மூடியும் வேறு மாதிரி. அந்த நேரத்தில் பெற்றோரின் நினைவுக்கு வருவது ஒரே ஒரு எண்தான்: "நம் டாக்டர் மூன்றரை மில்லி கொடுக்கச் சொன்னார்."

மருந்தாளுநராக நான் அதிகம் அஞ்சுவது அந்த எண்ணைத்தான். மூன்றரை மில்லிலிட்டர் என்பது திரவத்தின் அளவு, மருந்தின் அளவு அன்று. அந்தத் திரவத்தில் எத்தனை மில்லிகிராம் மருந்து கரைந்தோ கலந்தோ இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு, புட்டிக்குப் புட்டி மாறும். மருத்துவர் மனத்தில் கணக்கிட்டது மில்லிகிராம். உங்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை மில்லிலிட்டராக மாற்றிச் சொன்னார். அந்த மாற்றம் அவர் முன்னால் இருந்த புட்டிக்கு மட்டுமே பொருந்தும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப். எல்லா வீட்டிலும் இருப்பது, மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைப்பது, எனவே தவறும் அதிகம் நடப்பது இதில்தான்.

பழைய புட்டியிலிருந்து எடுக்க வேண்டியவை

பழைய புட்டி கையில் இருந்தால் அதைத் தூக்கி எறிவதற்கு முன் லேபிளைப் படம் எடுங்கள். புட்டி இல்லையென்றால் பழைய மருந்துச் சீட்டு, மருத்துவமனைச் செயலியில் உள்ள பதிவு, வீட்டுக் கைப்பேசிகளில் உள்ள பழைய படங்கள் என்று தேடுங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் நினைவை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். எடையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

லேபிளில் தேட வேண்டியது பெரிய எழுத்தில் உள்ள விற்பனைப் பெயர் அன்று. பின்பக்கம் பொடி எழுத்தில், 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும்' என்ற பொருளில் தொடங்கும் வரிதான் முக்கியம். அதில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராம் எண்ணும் இருக்கும். இந்தியாவில் விற்கும் பாராசிட்டமால் சிரப்புகளில் 5 மில்லிலிட்டருக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று பல செறிவுகள் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம் இருக்கும். ஐந்து மில்லிலிட்டருக்கு அன்று, ஒரே ஒரு மில்லிலிட்டருக்கு. இந்த வேறுபாட்டை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள், பெரிய விபத்துகள் நடக்கும் இடம் இது.

விற்பனைப் பெயரை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கால்பால் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் அது உண்டு, பிரிட்டனிலும் உண்டு. இரண்டு நாடுகளிலும் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. ஊரில் 250 வாங்கிப் பழகியவர் பிரிட்டனில் அதே பெயரைப் பார்த்து நிம்மதியாக எடுத்து வருவது பெரும்பாலும் 120 ஆக இருக்கும். பழக்கமான பெயரே ஏமாற்றிவிடுகிறது.

இன்னொரு சிறிய கண்ணி: பெட்டியின் முகப்பில் '120' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 120 மில்லிகிராம்தானா, அல்லது புட்டியின் கொள்ளளவான 120 மில்லிலிட்டரா என்று பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் உள்ள அலகைப் படிக்காமல் எந்த எண்ணையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதுப் புட்டியைப் படிப்பது

முதலில் மூலப்பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்பார்கள். இரண்டும் ஒரே மருந்து. இது தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமாலையும் அங்கே வாங்கிய அசிட்டமினோஃபெனையும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி மாறி மாறிக் கொடுத்த பெற்றோர் உண்டு. அவர்கள் கொடுத்தது ஒரே மருந்தின் இரட்டை அளவு. (மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமாலுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் அதன் பெயர் ஆல்பியூட்டரால்.)

அடுத்தது செறிவு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான திரவப் பாராசிட்டமால் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கு என்று எழுதிய பெட்டியிலும் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு என்று எழுதிய பெட்டியிலும் இப்போது அதே செறிவுதான். முன்பு கைக்குழந்தைச் சொட்டு மருந்து அங்கேயும் மும்மடங்குக்கும் மேல் செறிவாக இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பெற்றோர் தவறு செய்ததால் 2011-இல் தயாரிப்பாளர்கள் ஒரே செறிவுக்கு மாற்றினார்கள். கனடாவில் கைக்குழந்தைச் சொட்டு மருந்து இன்னும் மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம். ஆஸ்திரேலியாவில் 100. ஆஸ்திரேலியாவில் ஒன்று முதல் ஐந்து வயதுக்கான புட்டி 5 மில்லிலிட்டருக்கு 120, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கானது 240. ஜெர்மனியில் 200 என்பதையும் பார்க்கலாம். பிரான்ஸில் லேபிளில் 2.4 சதவீதம் என்று இருக்கும். நூறு மில்லிலிட்டரில் 2.4 கிராம் என்பது அதன் பொருள், அதாவது மில்லிலிட்டருக்கு 24 மில்லிகிராம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, தயாரிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். கையில் உள்ள லேபிளைத்தான் நம்ப வேண்டும். இவ்வளவையும் சொன்னது, ஒரே மருந்து எத்தனை வடிவில் வரும் என்பதைக் காட்டத்தான்.

எந்த வடிவில் எழுதியிருந்தாலும் முதல் வேலையாக அதை ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 5 மில்லிலிட்டருக்கு 250 என்றால் ஐந்தால் வகுத்து 50. 160 என்றால் 32. 120 என்றால் 24. சொட்டு மருந்து ஏற்கெனவே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்: 100 அல்லது 80. இப்போது எல்லாப் புட்டிகளும் ஒரே மொழியில் பேசுகின்றன.

மூன்றாவதாக, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் காய்ச்சலுக்கென்று தரும் சிரப்புகளில் பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபெனோ மெஃபனாமிக் அமிலமோ சேர்ந்திருப்பது சாதாரணம். சளி சிரப்புகளில் பாராசிட்டமாலுடன் ஒவ்வாமை மருந்தும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். உங்கள் பழைய புட்டி இப்படிப்பட்ட கலவை என்றால், அதற்கு நேர் இணை என்று புது நாட்டில் ஒன்றைத் தேடாதீர்கள். பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கலவை குழந்தைக்குத் தேவைதானா என்பதை அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் கேட்பதுதான் சரி. கீழே உள்ள கணக்கு, இரண்டு புட்டியிலும் பாராசிட்டமால் மட்டும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும்.

ஒரு குழந்தைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டரை வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. ஊரில் பயன்படுத்தியது 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப். மருத்துவர் ஒரு வேளைக்கு 3.5 மில்லிலிட்டர் என்று சொல்லியிருந்தார். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. புதுப் புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 160.

முதலில் பழைய அளவை மில்லிகிராமாக்க வேண்டும். பழைய புட்டியில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். 3.5-ஐ 50-ஆல் பெருக்கினால் 175. குழந்தைக்கு ஒரு வேளைக்குப் போய்ச் சேர்ந்த மருந்து 175 மில்லிகிராம்.

அதைப் புதுப் புட்டியின் மில்லிலிட்டராக மாற்றும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த 175 இன்றும் சரிதானா? பாராசிட்டமாலில் ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கமான வரம்பு. 12 கிலோ குழந்தைக்கு அது 120 முதல் 180 மில்லிகிராம். பழைய அளவு கிடைக்காதவர்கள் எடையிலிருந்து தொடங்க வேண்டியதும் இந்த வரம்பில்தான். 175 அதற்குள் இருக்கிறது. இருக்கவில்லையென்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது: மருத்துவர் சொன்னபோது குழந்தையின் எடை வேறாக இருந்திருக்கலாம், நீங்கள் புட்டியை மாற்றி நினைவு வைத்திருக்கலாம், அல்லது பழைய அளவே தவறாக இருந்திருக்கலாம். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பழைய தவற்றைக் கவனமாகக் கணக்கிட்டுப் புதுப் புட்டிக்கு மாற்றினாலும் அது தவறாகவே இருக்கும்.

இப்போது மாற்றலாம். புதுப் புட்டியில் மில்லிலிட்டருக்கு 32 மில்லிகிராம். 175-ஐ 32-ஆல் வகுத்தால் 5.47. அதாவது ஏறக்குறைய ஐந்தரை மில்லிலிட்டர்.

ஐந்தரையையே கொடுக்கலாமா? இங்கே லேபிளில் உள்ள அட்டவணையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அட்டவணை எடையைப் பவுண்டில் போட்டிருக்கும். 12 கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் சுமார் 26 பவுண்டு. 24 முதல் 35 பவுண்டு வரையுள்ள குழந்தைக்கு 5 மில்லிலிட்டர் என்று இருக்கும். 5 மில்லிலிட்டர் என்றால் 160 மில்லிகிராம், கிலோவுக்கு 13 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நம் 10 முதல் 15 என்ற வரம்புக்குள் நன்றாக அடங்குகிறது. எனவே 5 மில்லிலிட்டர். கணக்கும் அட்டவணையும் இப்படிச் சிறிது விலகி நிற்கும்போது குறைந்த எண்ணை எடுங்கள். 175-க்கும் 160-க்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு முறையும் மேல்நோக்கி முழுமையாக்கும் பழக்கம் ஒருநாள் சிக்கலில் விடும்.

கணக்கும் அட்டவணையும் அதிகம் விலகி நின்றால், உதாரணமாக ஒன்று 5 என்றும் மற்றொன்று 9 என்றும் சொன்னால், நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மருந்தாளுநரிடம் இரண்டு லேபிள்களையும் காட்டுங்கள். வெளிநாட்டில் பலர் மருந்தாளுநரை அணுகத் தயங்குகிறார்கள், கடையில் பொருள் எடுத்துத் தருபவர் என்றே நினைத்துவிடுகிறார்கள். இந்த மாதிரிக் கணக்குதான் அவருடைய படிப்பு. பல நாடுகளில் இதைக் கேட்பதற்குக் கட்டணமும் கிடையாது.

ஒரு சிறு எச்சரிக்கை, பவுண்டைப் பற்றி. அமெரிக்க எடைக் கருவியில் 26 என்று வந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அந்த 26-ஐப் போட்டால் விடை 390 மில்லிகிராம். குழந்தைக்கு வேண்டியதைப் போல இருமடங்குக்கும் மேல். எடையைக் குறிக்கும்போதெல்லாம் கிலோ என்றோ பவுண்டு என்றோ கூடவே எழுதுங்கள்.

அதே குடும்பம் பிரிட்டனுக்குப் போயிருந்தால்? 120 புட்டியில் மில்லிலிட்டருக்கு 24. 175-ஐ 24-ஆல் வகுத்தால் 7.3. அங்குள்ள லேபிள் இரண்டு முதல் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 7.5 மில்லிலிட்டர் என்கிறது. அது 180 மில்லிகிராம். நம் வரம்பின் உச்சியில், ஆனால் உள்ளேதான் இருக்கிறது. கணக்கும் லேபிளும் கைகோத்து நிற்கின்றன.

மாற்றாமல் கொடுத்தால் என்ன நடக்கும்

அந்தப் பிரிட்டன் புட்டியிலிருந்து பழைய பழக்கப்படி 3.5 மில்லிலிட்டர் மட்டும் கொடுத்திருந்தால் குழந்தைக்குப் போயிருப்பது 84 மில்லிகிராம், கிலோவுக்கு 7. பாதி அளவுகூட இல்லை. காய்ச்சல் சரியாக இறங்காது. குழந்தை இரவெல்லாம் முனகும். "இந்த ஊர் மருந்தில் வேகம் இல்லை" என்ற பேச்சு வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். வேகம் குறைந்தது மருந்தால் அன்று, அளவால்.

குறைந்த அளவோடு அது நின்றுவிடுவதில்லை என்பதுதான் என் கவலை. மருந்து கேட்கவில்லை என்று நினைத்த பெற்றோர் இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஒரு வேளை கொடுக்கிறார்கள். பெட்டியின் அடியில் மிச்சமிருந்த ஊர் சிரப்பை எடுத்து அதையும் சேர்க்கிறார்கள். குறைவில் தொடங்கியது காலைக்குள் மிகையாகிவிடுகிறது.

எதிர்த்திசையில் போனால் ஆபத்து நேரடியானது. பிரிட்டனில் 7.5 மில்லிலிட்டருக்குப் பழகிய தாய், 250 புட்டியிலிருந்து அதே 7.5 கொடுத்தால் 375 மில்லிகிராம். கிலோவுக்கு 31. அப்படியே ஒரு நாளில் நான்கு வேளை கொடுத்தால் கிலோவுக்கு 125 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே பொதுவான மேல்வரம்பு, பல நாடுகளின் அளவுகள் அதற்கும் கீழேதான் நிற்கின்றன. சொட்டு மருந்துப் புட்டியைச் சிரப் என்று நினைத்து 5 மில்லிலிட்டர் கொடுத்தால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம். அது பெரியவர்களின் ஒரு மாத்திரை.

மிகையான பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். கொடுமை என்னவென்றால் முதல் நாளில் அது முகத்தில் தெரியாது. குழந்தைக்குக் கொஞ்சம் வாந்தி, சோர்வு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு. மிகையளவு உள்ளே போன எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிக நன்றாகக் காக்கும். தவறு நடந்தது தெரிந்த நிமிடமே அந்நாட்டு நச்சு ஆலோசனை மையத்தை அழையுங்கள்: அமெரிக்காவில் 1-800-222-1222, ஆஸ்திரேலியாவில் 13 11 26. பிரிட்டனில் 111. புதிதாகக் குடியேறியவர்கள் முதல் வாரத்திலேயே தங்கள் நாட்டுக்கு உரிய எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிட வேண்டும். அழைக்கும்போது மில்லிலிட்டரைச் சொல்வதோடு நில்லாமல் லேபிளில் உள்ள செறிவையும், குழந்தையின் எடையையும், எத்தனை மணிக்கு எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். குழந்தை துவண்டு கிடந்தால், எழுப்பினால் விழிக்கவில்லையென்றால், ஆலோசனைக்கு நேரமில்லை, அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

அளக்கும் கருவி

கணக்கு சரியாக இருந்தும் தவறு நடப்பது இங்கேதான். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல இருப்பதில்லை, அவற்றை மறந்துவிடுங்கள். மூடியைவிட ஊசியில்லாத வாய்வழிச் சிரிஞ்சு நல்லது. மூடியில் அளக்கும்போது சாய்த்துப் பிடித்தால் ஒரு மில்லிலிட்டர் கூடிவிடும், சிறு அளவுகளில் அது பெரிய பிழை. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் அதை வெளியேற்றிவிட்டு மறுபடி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மில்லிலிட்டர் கோடுகள் உள்ள பழைய சிரிஞ்சைப் புது மருந்துக்கும் பயன்படுத்தலாம். மில்லிலிட்டர் எங்கும் மில்லிலிட்டர்தான். ஆனால் எல்லாக் கருவிகளும் அப்படி இல்லை. பிரான்ஸில் டோலிப்ரான் என்ற பாராசிட்டமால் சிரப்புடன் வரும் உறிஞ்சியில் மில்லிலிட்டர் கோட்டுக்குப் பதிலாகக் கிலோ கோடு இருக்கும். 12 என்ற கோடுவரை எடுத்தால் 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை, கணக்கே தேவையில்லை. அருமையான ஏற்பாடு, அந்தப் புட்டிக்கு மட்டும். அந்த 12 என்ற கோட்டில் உண்மையில் நிற்பது 7.5 மில்லிலிட்டர். அதே உறிஞ்சியால் அமெரிக்கப் புட்டியிலிருந்து எடுத்தால் 240 மில்லிகிராம், கிலோவுக்கு 20. பிரான்ஸிலிருந்து வேறு நாட்டுக்கு மாறும் குடும்பங்கள் அந்த உறிஞ்சியைக் கொண்டுபோகவே வேண்டாம். சொட்டுமருந்துப் புட்டியோடு வரும் துளிக்குழாய்க்கும் இதே விதிதான்.

இன்னொன்று: பல பாராசிட்டமால் சிரப்புகள் உண்மையில் கரைசல் அல்ல, மருந்துத் தூள் மிதக்கும் கலவை. குலுக்காமல் ஊற்றினால் மேலே உள்ள திரவத்தில் மருந்து குறைவு, அடியில் மிகுதி. முதல் வாரம் காய்ச்சல் இறங்காததற்கும், தீரும் தறுவாயில் அளவு கூடிப்போவதற்கும் இந்தச் சிறு கவனக்குறைவு போதும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை

இதுவும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க லேபிள் நான்கு மணி நேர இடைவெளியும் 24 மணி நேரத்தில் ஐந்து வேளையும் அனுமதிக்கிறது. பிரிட்டனில் நான்கு வேளையோடு நிறுத்தச் சொல்கிறார்கள். பழைய நாட்டின் எண்ணிக்கையையும் புது நாட்டின் அளவையும் கலந்து பயன்படுத்தாதீர்கள். இரண்டும் ஒரே லேபிளிலிருந்து வரட்டும். ஐயம் இருந்தால் நான்கோடு நிற்பதே பாதுகாப்பு.

விமானப் பயண நாளில் ஒரு குழப்பம் வரும். புறப்படும்போது ஒரு நேரம், இறங்கும்போது வேறு நேரம். சுவர்க் கடிகாரத்தை நம்பி "மதியம் கொடுத்தது, இப்போது இரவு" என்று கணக்கிட்டால், நடுவில் கடந்தது உண்மையில் மூன்று மணி நேரமாக இருக்கலாம். பயணம் முடிந்து ஒருநாள் ஆகும்வரை ஒரு கைப்பேசியை மட்டும் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே வைத்து, கொடுத்த நேரங்களை அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே புட்டி

புது அளவு முடிவானதும் பழைய சிரப் புட்டியை அலமாரியிலிருந்து அகற்றிவிடுங்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்திருக்கும் புட்டியைத்தான், தூக்கக் கலக்கத்தில் அப்பா எடுத்து அம்மா சொன்ன அளவை ஊற்றுகிறார். இரண்டு செறிவுகள் ஒரே வீட்டில் இருந்தால் என்றாவது ஒருநாள் அவை கைமாறும். பழையதை அருகிலுள்ள மருந்துக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், பல நாடுகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

புதுப் புட்டியின் மேல் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். நான் எழுதச் சொல்வது இப்படி: "பாராசிட்டமால். 1 மி.லி.யில் 32 மி.கி. எடை 12 கிலோ. ஒரு வேளை 160 மி.கி. = 5 மி.லி. நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம்." அதன் கீழே எழுதிய தேதி. எடை கூடினால் அந்தத் தாள் காலாவதி. சிறு குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடை பார்த்துத் திருத்துங்கள்.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை மறக்காதீர்கள். பேரனுக்குப் பிடித்த சிரப் என்று அன்போடு நான்கு புட்டிகள் பெட்டியில் வரும். "கண்ணு, எப்போதும் கொடுக்கிற மூன்றரை மில்லிதானே" என்று அவர்கள் கேட்டால், மறுக்காமல், சண்டையிடாமல், இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 250, 160 என்ற இரு எண்களையும் நேரில் பார்த்தவர்கள் பிறகு மாற்றிக் கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்குப் போடவே வேண்டாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கல்லீரல் நோய் உள்ள குழந்தைக்கும், சில நாட்களாகச் சாப்பிடாமல் வாந்தியெடுத்து வாடிக் கிடக்கும் குழந்தைக்கும் மேலே சொன்ன வரம்பு பொருந்தாமல் போகலாம்.

வலிப்பு மருந்து, இதய மருந்து, தைராய்டு மருந்து போன்றவற்றை இந்த வழியில் வீட்டில் மாற்றவே கூடாது. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதன் திரவம் 5 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அமெரிக்காவில் 125. நான்கு மடங்கு வேறுபாடு. பாராசிட்டமாலில் 160-க்கும் 175-க்கும் இடையே நாம் தாராளமாக நடமாடினோம், அங்கே சிறிதளவு கூடினாலே நஞ்சாகும், குறைந்தாலே வலிப்பு வரும். போதாததற்கு, லேபிளில் உள்ள எண் மருந்தின் எடை மட்டுமா, அல்லது அது வேறொரு பொருளோடு சேர்ந்து உருவான வேதி உப்பின் மொத்த எடையா என்ற கேள்வியும் உண்டு. இத்தகைய மருந்து எடுக்கும் குழந்தை உள்ள குடும்பம், புறப்படும் முன்பே மருத்துவரிடம் மூலப்பெயர், செறிவு, ஒரு வேளைக்கான மில்லிகிராம், எடை ஆகிய நான்கையும் எழுதிய கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தும் கையில் இருக்க வேண்டும், புது நாட்டில் மருத்துவரைப் பார்க்க அவ்வளவு நாள் ஆகலாம். போகும் நாட்டுக்குள் அந்த மருந்தைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும். ஒட்டுத்தாளில் உள்ள 5 மில்லிலிட்டரை அங்கே யாரிடமும் சொல்லாதீர்கள், 160 மில்லிகிராம் என்று சொல்லுங்கள். 250 புட்டியில் அது 3.2 மில்லிலிட்டர். சிரிஞ்சின் சிறு கோடு ஒவ்வொன்றும் 0.1 மில்லிலிட்டர் என்றால், 3 மில்லிலிட்டர் கோட்டுக்கு மேல் இரண்டு சிறு கோடுகள், அவ்வளவுதான்.